மாஜினோ கோடு: சுவர் என்று நினைத்தால் புரியாது

மாஜினோ கோடு என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது ஒரு கேலிதான்: 1930களில் பிரெஞ்சுக்காரர்கள் ஜெர்மன் எல்லையோரம் கோடி கோடியாகக் கொட்டிக் கோட்டை வரிசை கட்டினார்கள், 1940இல் ஜெர்மானியர் பக்கவாட்டில் சுற்றிக்கொண்டு வந்துவிட்டார்கள். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் ஜெர்மானியர் சுற்றித்தான் வரவேண்டும் என்பதே பிரெஞ்சுத் திட்டம். அவர்களை நேர்வழியிலிருந்து விலக்கி, பெல்ஜியம் வழியாக வரவைத்து, அங்கே நல்ல படையோடு எதிர்கொள்ளத்தான் அந்தக் கோட்டைகள் எழுந்தன. அப்படியானால் எது தவறியது? அதைப் புரிந்துகொள்ள, இப்படி ஓர் அரண் வரிசை எப்படி வேலை செய்ய வேண்டும் என்று முதலில் பார்த்துவிட வேண்டும்.

முதலாம் உலகப் போரில் பிரான்ஸ் 13 லட்சத்துக்கும் மேற்பட்ட வீரர்களை இழந்தது. செத்தவர்களின் கணக்கு ஒருபுறம் என்றால், பிறக்காதவர்களின் கணக்கு இன்னொருபுறம். 1914 முதல் 1918 வரை ஆண்கள் போர்முனையில் இருந்ததால் பிறப்பு பாதியாகச் சரிந்தது. அந்த ஆண்டுகளில் பிறந்த பிள்ளைகள் படையில் சேரும் வயதை எட்டுவது 1930களின் பிற்பாதியில். அந்த நேரத்தில் ஆண்டுதோறும் படைக்கு வரும் இளைஞர் எண்ணிக்கை ஏறக்குறையப் பாதியாகிவிடும் என்று பிரெஞ்சு அதிகாரிகளுக்கு முன்பே தெரியும். பிரான்ஸின் மக்கள்தொகை சுமார் 4 கோடி, ஜெர்மனியுடையது 6 கோடியைத் தாண்டியது. போதாக்குறைக்கு, நாட்டின் இரும்புத் தாதும் எஃகு ஆலைகளும் லொரேன் பகுதியில், எல்லைக்குப் பக்கத்திலேயே இருந்தன. எதிரி திடீரென்று பாய்ந்தால், ரிசர்வ் வீரர்களை வீட்டிலிருந்து அழைத்து, உடை கொடுத்து, ரயிலேற்றி முனைக்கு அனுப்பி முடிப்பதற்குள் அந்தப் பகுதி போய்விடும்.

ஆக, தேவை இரண்டு: ஆள் மிச்சம், நேரம். 290 கோடி ஃபிராங்க் ஒதுக்கும் சட்டம் 1930 ஜனவரியில் நிறைவேறியது. அப்போது போர் அமைச்சராக இருந்தவர் அந்த்ரே மாஜினோ. சாதாரண வீரராகப் போரில் சேர்ந்து வெர்தான் அருகே காலில் படுகாயம் பட்டவர். திட்டத்தின் பெரும்பகுதி அவருக்கு முன்பு அமைச்சராக இருந்த பால் பென்லவே காலத்திலேயே தயாராகிவிட்டது. ஆனால் பெயர் மாஜினோவுக்கே நின்றது. கட்டி முடிந்ததை அவர் பார்க்கவில்லை, 1932இல் இறந்துபோனார்.

இனி ஒரு கோட்டையைக் கிட்டே போய்ப் பார்ப்போம். வெளியிலிருந்து பார்த்தால் கோட்டை என்றே சொல்ல முடியாது. புல் முளைத்த மேடு, ஆங்காங்கே மண்ணிலிருந்து தலைநீட்டும் கான்கிரீட் கட்டிகள், அவற்றின்மேல் கவிழ்த்துவைத்த மணிபோல எஃகுக் கூண்டுகள். அவ்வளவுதான். மற்றதெல்லாம் நிலத்துக்கடியில். பெரிய கோட்டைகளில் ஒன்றான ஹாக்கன்பெர்கில் சுரங்கப்பாதைகள் மட்டும் சுமார் 10 கிலோமீட்டர், ஆயிரம் பேர் வரை தங்கலாம். நுழைவாயில்கள் பின்புறம், எதிரி கண்ணுக்குப் படாத இடத்தில். உள்ளே குண்டுகளை ஏற்றிச்செல்லச் சிறு மின்ரயில், டீசல் மின்நிலையம், சமையலறை, மருத்துவமனை. கப்பலில் இருப்பதுபோலவே மூன்று முறையாகப் பிரித்துக் காவல் மாற்றினார்கள். விஷவாயு உள்ளே நுழையாதபடி, வடிகட்டிய காற்றை வெளிக்காற்றைவிடச் சற்று அதிக அழுத்தத்தில் உள்ளே வைத்திருந்தார்கள். எங்காவது சிறு இடுக்கு இருந்தாலும் காற்று உள்ளிருந்து வெளியேதான் போகும். இந்த ஏற்பாட்டைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வேண்டியிருக்கும்.

பெரிய கோட்டைகளின் கூரையும் எதிரியை நோக்கிய சுவரும் 3.5 மீட்டர் தடிமன். அக்காலத்தின் மிகப் பெரிய 420 மில்லிமீட்டர் குண்டையும் தாங்குவதற்கான கணக்கு அது. இதில் புதிதாகப் பார்ப்பவருக்கு விநோதமாகப் படும் விஷயம், எதிரியைப் பார்த்த அந்தச் சுவரில் பெரும்பாலும் சுடுவதற்கான துளையே இருக்காது. துளைகள் பக்கவாட்டுச் சுவரில் இருக்கும். துப்பாக்கி எதிரியை நோக்கி நேராகச் சுடாமல், வரிசைக்கு இணையாக, அடுத்த கோட்டைக்கு முன்னால் உள்ள நிலத்தைப் பார்த்துச் சுடும்.

ஏன் இப்படி? நேராகப் பார்க்கும் துளையை எதிரி தூரத்திலிருந்தே பீரங்கியால் குறிவைத்து அடைத்துவிடலாம். பக்கம் பார்த்த துளை அவன் கண்ணுக்கே படாது. அதோடு, முள்கம்பி வேலியை வெட்டிக்கொண்டு வரிசையாக வரும் படையை முன்னாலிருந்து சுட்டால் ஒரு தோட்டாவுக்கு ஒருவர்தான் குறி. பக்கத்திலிருந்து நீளவாக்கில் சுட்டால் வரிசை முழுவதும் ஒரே கோட்டில் மாட்டும். அந்தத் துளைகளில் இயந்திரத் துப்பாக்கிகளை ஜோடியாகப் பொருத்தினார்கள், ஒன்று சூடாறும்போது மற்றொன்று சுடும். துளைக்குக் கீழே சுவரையொட்டி ஓர் ஆழமான பள்ளமும் உண்டு. குண்டுபட்டு உடைந்த கான்கிரீட் குவிந்து துளையை மூடிவிடாமல் அந்தப் பள்ளத்தில் விழும். எதிரி துளைக்கு அருகே வந்து நிற்கவும் அது விடாது.

இதிலிருந்து பிறப்பதுதான் எல்லாவற்றுக்கும் அடிப்படையான விதி. ஒரு கோட்டையின் முன்புறத்தைக் காப்பது அந்தக் கோட்டை அல்ல, அதன் பக்கத்துக் கோட்டை. டாங்கிகளைத் தடுக்க வரிசை வரிசையாகச் செங்குத்தாக நட்ட ரயில் தண்டவாளங்கள் இருந்தன, வீரர்களைத் தடுக்க முள்கம்பி இருந்தது. ஆனால் தடை என்பது எதிரியை நிறுத்துவதில்லை, தாமதப்படுத்துகிறது. அந்தத் தாமதத்தில் அவன்மேல் சூடு விழுந்தாக வேண்டும். விழாவிட்டால் முள்கம்பி வெறும் அரைமணி நேர வேலை. எதிரி கோட்டையின் கூரைமேலேயே ஏறிவிட்டால், பக்கத்துக் கோட்டையின் 75 மில்லிமீட்டர் பீரங்கி அந்தக் கூரைமேல் குண்டு பொழியும். கீழே இருக்கும் நம் ஆட்களுக்கு ஒன்றும் ஆகாது, மேலே நிற்பவர்கள் துடைக்கப்படுவார்கள். மேலும் கீழும் இறங்கி ஏறும் எஃகுச் சுழல்கூண்டுகளில்தான் இந்தப் பீரங்கிகளில் பல இருந்தன. சுடும்போது கூண்டு தரைக்கு மேலே எழும், சுட்டு முடித்ததும் உள்ளே அமிழ்ந்து எஃகு மூடி மட்டும் தெரியும். எட்டும் தூரம் சுமார் 12 கிலோமீட்டர்.

கோட்டைகளுக்கு நடுவே உள்ள வெளிகளையும் கான்கிரீட் மட்டும் காக்க முடியாது. அங்கே பதுங்குகுழிகளில் சாதாரணக் காலாட்படையும், அவர்களுக்குப் பின்னால் நடமாடும் பீரங்கிப்படையும் இருக்க வேண்டும். இவர்களை இடைவெளிப் படை என்றார்கள். இவர்கள் இல்லையென்றால் எதிரி கோட்டையின் பின்பக்கம் போய்விடுவான். அங்கே சுவர் 3.5 மீட்டர் இல்லை, அதில் பாதிதான் அல்லது அதற்கும் குறைவு. பணத்தை மிச்சம்பிடித்தது ஒரு காரணம். கோட்டை எதிரி கையில் விழுந்துவிட்டால் நம் பீரங்கியே பின்னாலிருந்து உடைத்து மீட்க வழி இருக்கவேண்டும் என்பது இன்னொரு காரணம்.

கடைசியாக, எல்லாவற்றுக்கும் பின்னால் ஒரு நடமாடும் ரிசர்வ் படை. வரிசையால் ஆள் மிச்சமாகிறது என்றால் அந்த மிச்சம் இங்கேதான் தெரியவேண்டும்.

இனி 1940 மே மாதத்துக்கு வருவோம். பெல்ஜிய எல்லையில் பெரிய கோட்டைகள் கிடையாது. இதை மறதி என்றோ சோம்பல் என்றோ சொல்வது சரியல்ல. கோட்டைகளைத் திட்டமிட்ட காலத்தில் பெல்ஜியம் நட்பு நாடு. அதன் எல்லையில் கோட்டை கட்டினால், ‘போர் வந்தால் உன்னைக் கைவிட்டு இந்தச் சுவருக்குப் பின்னால் ஒளிந்துகொள்வேன்’ என்று அதனிடம் சொல்வதுபோல ஆகும். லீல் வட்டாரத்தில் ஆலைகளும் வீடுகளும் எல்லைக்கோடு வரை நெருங்கியிருந்தன. ஃபிளாண்டர்ஸ் சமவெளியில் கொஞ்சம் தோண்டினாலே தண்ணீர். எல்லாவற்றையும்விட, அங்கே முன்னேறிப்போய் பெல்ஜிய மண்ணில் சண்டையிடுவதுதான் திட்டம். 1936இல் பெல்ஜியம் நடுநிலைக்குத் திரும்பியபோது அந்தத் திட்டத்தின் அடித்தளம் ஆடியது. பிரெஞ்சுப் படை முன்கூட்டியே உள்ளே போய் இடம்பிடிக்க முடியாது, ஜெர்மானியர் தாக்கிய பிறகுதான் ஓடிப்போக வேண்டும்.

கோட்டை வரிசைக்கும் பெல்ஜியச் சமவெளிக்கும் நடுவில் ஆர்டென் காட்டுமலை. போர் அமைச்சராக இருந்த மார்ஷல் பெத்தான் 1934இல் அது கடக்கமுடியாதது என்று சொன்னார் என்பார்கள். அவர் ஒரு நிபந்தனையும் சேர்த்திருந்தார்: அங்கே சிறப்பு ஏற்பாடுகள் செய்தால். ஏற்பாடுகள் அரைகுறையாகவே நின்றன. காட்டைத் தாண்டியதும் மியூஸ் ஆறு, ஆற்றங்கரையில் செதான் ஊர். அங்கே சிறு கான்கிரீட் அறைகளைக் கட்டத் தொடங்கியிருந்தார்கள், பலவற்றில் சுடுதுளைக்கான எஃகுக் கதவுகூடப் பொருத்தப்படவில்லை. காவலுக்கு நின்ற 55ஆம் டிவிஷனில் பெரும்பாலோர் வயதில் மூத்த ரிசர்வ் வீரர்கள்.

ஜெர்மானியர் மே 10ஆம் தேதி புறப்பட்டு 12ஆம் தேதி மாலை மியூஸ் கரையில் நின்றார்கள். 13ஆம் தேதி, மணிக்கணக்கில் விமானக் குண்டுவீச்சுக்குப் பிறகு, ஜெர்மானியத் தளபதி குதேரியனின் கவசப்படை ஆற்றைக் கடந்தது. 20ஆம் தேதி அதன் முன்னணி அபெவில் அருகே கடலைத் தொட்டுவிட்டது. பெல்ஜியத்துக்குள் போயிருந்த சிறந்த பிரெஞ்சு, பிரிட்டிஷ் படைகள் அத்தனையும் வளைக்கப்பட்டன.

அதுவரை நேரம் கிடைத்தது, ஆளும் மிச்சமாகியிருக்க வேண்டும். ரிசர்வ் எங்கே? ரான்ஸ் வட்டாரத்தில் ரிசர்வாக இருந்திருக்க வேண்டிய 7ஆம் ராணுவத்தைத் தளபதி காமலன் நெதர்லாந்துவரை, பிரெடா நோக்கி அனுப்பிவிட்டார். மே 16ஆம் தேதி பாரிஸ் வந்த சர்ச்சில், நடமாடும் ரிசர்வ் எங்கே என்று கேட்க, காமலன் ‘இல்லை’ என்றார். அதே நேரம் கோட்டை வரிசையையொட்டி 30க்கும் மேற்பட்ட பிரெஞ்சு டிவிஷன்கள் நின்றுகொண்டிருந்தன. எதிரே ஜெர்மானியர் வைத்திருந்தது 19 டிவிஷன்கள் மட்டுமே. ஆளை மிச்சம்பிடிக்கக் கட்டிய வரிசை எதிரிக்கு ஆளை மிச்சம்பிடித்துக் கொடுத்துவிட்டது. எங்களைக் கேட்டால் தோல்வியின் வேர் இதுதான். சுற்றி வந்தது அல்ல, சுற்றி வந்தவனைச் சந்திக்க ஆள் இல்லாதது.

ஒரு கோட்டை எப்படி விழும் என்பதைத் தனியாகப் பார்க்க லா ஃபெர்தே நல்ல உதாரணம். செதானுக்குக் கிழக்கே, மாஜினோ வரிசை முடியும் மேற்குக் கடைக்கோடியில் இருந்த சிறு கோட்டை அது. மண்ணுக்கு மேலே இரண்டே கான்கிரீட் கட்டிகள், அவற்றை ஆழத்தில் இணைக்கும் ஒரு சுரங்கம். லெஃப்டினன்ட் பூர்கின்யோன் தலைமையில் நூற்றுக்கும் சற்று அதிகமானோர். சொந்தப் பீரங்கி கிடையாது. இயந்திரத் துப்பாக்கிகளும் டாங்கி எதிர்ப்புத் துப்பாக்கிகளும் மட்டுமே. ஒரு பக்கம் துணைக்கு யாருமில்லை, வரிசையே அங்கே முடிந்துவிடுகிறது. பக்கத்து வில்லி கிராமத்தில் காலாட்படையும் 75 மில்லிமீட்டர் பீரங்கி அறைகளும் இருந்தன. கிழக்கே தள்ளி ஷெனுவா என்ற பெரிய கோட்டை, அதன் பீரங்கி லா ஃபெர்தேவைக் கஷ்டப்பட்டுத்தான் எட்டும்.

ஜெர்மானிய 71ஆம் டிவிஷன் அந்தக் கோட்டையை நேரடியாகத் தொடவில்லை. முதலில் அக்கம்பக்கத்தைக் கழித்துக்கட்டியது. வில்லியில் பல நாள் கடும் சண்டை நடந்து மே 18ஆம் தேதி கிராமம் விழுந்தது. பீரங்கி அறைகளும் ஏற்கெனவே ஓய்ந்திருந்தன. அதன்பின் பெரிய பீரங்கிகள் கோட்டை இருந்த மேட்டைப் பொழிந்தன. கான்கிரீட்டுக்குப் பெரிய சேதம் ஒன்றுமில்லை, ஆனால் முள்கம்பி கிழிந்தது, மேடு முழுக்கக் குழிகள் விழுந்தன. தாக்க வருபவனுக்குக் குழிக்குக் குழி தாவ அதுவே மறைவாகிவிட்டது. தட்டையான தடத்தில் பாயும் 88 மில்லிமீட்டர் பீரங்கிகள் எஃகு மணிக்கூண்டுகளின் பார்வைத் துளைகளை ஒவ்வொன்றாக அடித்தன. கோட்டை குருடாகத் தொடங்கியது.

அன்று மாலை ஜெர்மானியப் பொறியியல் வீரர்கள் கூரைமேல் ஏறினார்கள். ஒரு கட்டியில் துப்பாக்கிகளோடு இருந்த சுழல்கூண்டு மேலே எழுந்திருந்த நேரத்தில் பக்கத்தில் வெடிமருந்தை வைத்து வெடிக்க, அது சாய்ந்து சிக்கிக்கொண்டது. மேலேயும் போகாது, கீழேயும் இறங்காது. அந்த இடுக்கு வழியாக வெடிகளை உள்ளே போட்டார்கள். மணிக்கூண்டுகளையும் ஒவ்வொன்றாகத் தகர்த்தார்கள். பிறகு மற்ற கட்டிக்கும் அதே கதி. ஷெனுவா கோட்டை தூரத்திலிருந்து சுட்டுப் பார்த்தது, போதவில்லை. உதவிக்கு அனுப்பிய எதிர்த்தாக்குதலும் வந்து சேரவில்லை.

தீப்பிடித்த கட்டிகளை விட்டு வீரர்கள் சுரங்கத்துக்குள் இறங்கினார்கள். இப்போது அந்தக் காற்றழுத்த ஏற்பாட்டை நினைத்துப் பாருங்கள். இரண்டு முனையும் உடைந்து எரியும்போது அதனால் புகையைத் தடுக்க முடியவில்லை. முகமூடிகள் போர்வாயுவை வடிகட்டும், தீயிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடை வடிகட்டாது. மே 19ஆம் தேதி கோட்டை அமைதியானது. உள்ளே இருந்த 107 பேரும் இறந்துபோனார்கள், முகமூடியோடு பலர் அந்தச் சுரங்கத்திலேயே கிடந்தார்கள். கான்கிரீட் கடைசிவரை உடையவில்லை.

ஜூன் மாதம் கோட்டை வரிசை முழுவதற்கும் இதே கேள்வி வந்தது. பாரிஸ் விழும் நிலையில், சுற்றிவளைக்கப்படாமல் தப்ப இடைவெளிப் படைகளைப் பின்வாங்கச் சொன்னார்கள். கோட்டை வீரர்கள் மட்டும் மிஞ்சினார்கள். ஜூன் 14ஆம் தேதி ஜெர்மானியர் சார் பகுதியின் பலவீனமான இடத்தில் நுழைந்து, பிறகு நிதானமாகப் பின்பக்கம் வந்து நின்றார்கள். 88 மில்லிமீட்டர் பீரங்கியை மெல்லிய பின்சுவருக்கு எதிரே நிறுத்தி, அதே புள்ளியில் அடிமேல் அடி. ஆணி அறைவதுபோல ஒவ்வொரு குண்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் கான்கிரீட்டைக் கரைக்கும். பாம்பெஷ் என்ற சிறு கோட்டை இப்படித்தான் ஜூன் 20ஆம் தேதி சரணடைந்தது, கெர்ஃபெண்ட் மறுநாள். ஃபெர்மோனில் பின்சுவர் ஏறக்குறைய ஓட்டையாகும் நிலையில் சுடுவது நின்றது, உள்ளே இருந்தவர்கள் இரவில் அதைச் சரிசெய்துவிட்டார்கள்.

இந்தச் சிறு கோட்டைகளுக்கும் பெரியவற்றுக்கும் வித்தியாசம் கூர்ந்து பார்க்க வேண்டியது. பக்கத்துக் கோட்டையின் பீரங்கி எட்டிய இடத்தில் தாக்குதல் தோற்றது, எட்டாத இடத்தில் கோட்டை விழுந்தது. ஷோனன்பூர் கோட்டைமேல் 420 மில்லிமீட்டர் குண்டுகளும் விமானக் குண்டுகளும் விழுந்தும் அது சுட்டுக்கொண்டே இருந்தது. பீரங்கிகள் கொண்ட பெரிய கோட்டை ஒன்றைக்கூட ஜெர்மானியர் தாக்கிப் பிடிக்கவில்லை. ஜூன் 25ஆம் தேதி போர்நிறுத்தம் அமலான பிறகு, மேலிடத்து உத்தரவின்படி சாவிகளைக் கொடுத்துவிட்டுத்தான் அவற்றின் வீரர்கள் வெளியே வந்தார்கள். பின்சுவர் கணக்குகூட ஒருநாள் சரியாக வந்தது. 1944 நவம்பரில் ஜெர்மானியர் ஹாக்கன்பெர்கின் பீரங்கிகளால் அமெரிக்கரைச் சுட்டபோது, அமெரிக்கர் 155 மில்லிமீட்டர் பீரங்கியைப் பின்பக்கம் கொண்டுவந்து அந்தக் கட்டியை உடைத்தார்கள். என்ன, மீட்க வந்தது பிரெஞ்சுப் பீரங்கியாக இருக்கவில்லை.

மூன்று தலைமுறை கழித்தா இந்த விதிகள் மறந்தன? இல்லை, 33 ஆண்டுகளில். சூயஸ் கால்வாயின் கிழக்குக் கரையில் இஸ்ரேல் எழுப்பிய பார்லெவ் வரிசையில் தடைக்குக் குறைவில்லை. கால்வாய் ஒன்று, அதை அடுத்துச் சில இடங்களில் 20 மீட்டர் உயர மணல் மதில். ஆனால் 160 கிலோமீட்டர் கரையில், எகிப்து தாக்கிய 1973 அக்டோபர் 6ஆம் தேதி, ஆள் இருந்தது 16 நிலைகளில், மொத்தம் 450 பேர் அளவில். ஒரு நிலைக்கும் அடுத்ததற்கும் நடுவே பல கிலோமீட்டர். ஒன்றின் முன்புறத்தை மற்றொன்று சூட்டால் காக்கும் பேச்சே இல்லை, அந்த வேலை பின்னாலிருந்து பாய்ந்துவரும் டாங்கிகளுடையது. எகிப்தியர் முதலில் காலாட்படையைப் படகில் அனுப்பி, டாங்கிகள் வரும் வழியில் ஏவுகணைகளோடு உட்காரவைத்தார்கள். அதன்பின் மணல் மதிலுக்கு வந்தார்கள். வெடிமருந்தால் அதைத் திறக்க ஒரு நாளுக்கு மேல் ஆகும் என்பது இஸ்ரேலியர் கணக்கு. எகிப்தியர் கால்வாய்த் தண்ணீரையே பம்புகளால் பீய்ச்சி மணலைக் கரைத்தார்கள். சில மணி நேரத்தில் வழிகள் திறந்தன, இரவே பாலங்கள் போட்டு டாங்கிகள் கடந்தன. மதிலை யாரும் சூட்டோடு காக்கவில்லை என்பதால் பம்புக்காரர்கள் நிதானமாக வேலை பார்க்க முடிந்தது.

அந்த வரிசையில் கடைசிவரை விழாத நிலை ஒன்றே ஒன்று, வடகோடியில் இருந்த புடாபெஸ்ட். அதன் கான்கிரீட் மற்றவற்றைவிட உயர்ந்ததல்ல. ஒருபுறம் மத்தியதரைக் கடல், மறுபுறம் சதுப்பு, நடுவே குறுகலான மணல்திட்டில் அது நின்றது. இரண்டு திசையிலிருந்துதான் அதை நெருங்க முடியும். ஒரு கட்டத்தில் பின்வழியும் அடைபட்டது, ஆனால் துணைப்படை அதைத் திறந்துகொண்டு வந்து சேர்ந்துவிட்டது.